ஓட்ஸ் நொய், ஓட்ஸ் அவல், உடனடி ஓட்ஸ்: பக்குவ பேதமும் சமையல் பேதமும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டைச் சூழ்ந்த மளிகைக் கடைகளிலும், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்தர வீதிப் பக்கத்துக் கடைகளிலும் ஓட்ஸ் என்னும் ஒரே பெயரால் விற்கப்படும் பண்டம் உண்மையில் ஒன்றன்று, மூன்று வகைப்பட்டது. ஸ்டீல் கட் ஓட்ஸ், ரோல்டு ஓட்ஸ், இன்ஸ்டன்ட் ஓட்ஸ் என்று அவை சொல்லப்படும். நீரிழிவு கண்டவர்களுக்கும் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் இத்தானியத்தை மருத்துவர்கள் சிபாரிசு செய்வதால், முன்பு இதன் பெயரையும் அறியாத குடும்பங்களில் இன்று இது காலை ஆகாரமாகிவிட்டது. ஆனால், எந்த வகையை வாங்குவது, எவ்வளவு தண்ணீர் விடுவது, எத்தனை நிமிஷம் வேகவைப்பது என்பதில் அநேகர் தடுமாறுகின்றனர். ஒரு வகைக்குரிய பக்குவத்தை மற்றொரு வகைக்குச் செய்து, கஞ்சி பசையாயிற்றென்றும் உள்ளே வேகவில்லையென்றும் குறை கூறுவோர் பலர். ஆதலால் இம்மூன்றும் எங்ஙனம் உண்டாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுதல் நலம். அது தெரிந்தால் சமையல் விதி தானே விளங்கும்.

ஓட்ஸ் குளிர்காலப் பயிர். வட இந்தியாவில் பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்காக ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கப்படுகிறது. நமது மாநிலத்தில் நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பாங்கில் தீவனமாக வளருமேயன்றி, காவிரிப் பாய்ச்சலுள்ள சமவெளியின் சூட்டில் நல்ல மணி பிடிக்காது. கடையில் கிடைப்பது வெளியிலிருந்து வருவதே. எனினும் அது பக்குவப்படும் விதம் நம்மவருக்கு முற்றும் புதியதன்று. நெல்லை நொய்யாக உடைப்பதும் அவலாக இடிப்பதும் அறிந்தவர்களுக்கு ஓட்ஸ் மில்லின் வேலையைப் புரிந்துகொள்வதில் யாதொரு கஷ்டமும் இராது. ஆகவே இக்கட்டுரையில் ஸ்டீல் கட் என்பதை ஓட்ஸ் நொய் என்றும், ரோல்டு என்பதை ஓட்ஸ் அவல் என்றும், இன்ஸ்டன்ட் என்பதை உடனடி ஓட்ஸ் என்றும் வழங்குவோம்.

அறுவடையான மணிக்கு நெல்லைப் போலவே உமி உண்டு. மில்லில் மணியைச் சுத்தம் செய்து, வேகமாய்ச் சுழலும் தட்டிலிருந்து சுவரில் வீசி மோதச் செய்து உமியைப் பிரிக்கின்றனர். உமி நீங்கிய பின் எஞ்சுவது தவிடும் முளையும் கூடிய முழு மணி. சாமை அரிசி, வரகு அரிசி என்பதுபோல இதனை ஓட்ஸ் அரிசி எனலாம். இவ்வரிசியில் கொழுப்பு மற்றத் தானியங்களைவிட மிகுதி. 100 கிராமில் சுமார் 7 கிராம் இருக்கும். அக்கொழுப்பைச் சிதைக்கும் லிபேஸ் என்னும் நொதியும் அதன் மேற்புறத்திலேயே ஏராளமாய் அமைந்துள்ளது. மணி முழுதாக இருக்குமளவும் இவ்விரண்டும் அதிகமாகக் கலவா. உடைத்தாலும் நசுக்கினாலும் உடனே கலந்து, சில நாட்களுக்குள் மாவு கசந்து காறல் வாடை வீசத் தொடங்கும். இதைத் தடுக்கவே உடைப்பதற்கு முன் ஓட்ஸ் அரிசிக்கு ஆவி காட்டி, பின் ஒரு மணிக்கும் அதிகமான நேரம் 90 முதல் 100 டிகிரி வரையில் சூட்டோடு உலர்த்துகின்றனர். இதனால் நொதி செயலிழக்கிறது. ஓட்ஸுக்கே உரிய வறுத்த வாசனையும் இப்பொழுதுதான் உண்டாகிறது. இப்பக்குவம் மூன்று வகைக்கும் பொது. ஸ்டீல் கட் என்பது பச்சைத் தானியம், மற்றவை சமைத்தவை என்று சிலர் எண்ணுவது சரியன்று. மூன்றும் ஒரு முறை சூடு கண்டவையே.

பேதம் இதற்குப் பின்னரே தொடங்குகிறது. சூடு கண்ட அரிசியைத் துளைகளுள்ள உருளையில் விட்டு, துளையின் வழியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை எஃகுக் கத்திகளால் நறுக்கினால் ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று துண்டுகளாகும். அவ்வளவே ஓட்ஸ் நொய். எஃகுக் கத்தியால் வெட்டப்படுவதால் ஸ்டீல் கட் என்ற பெயர் வந்ததேயன்றி வேறு மர்மம் ஒன்றுமில்லை. வெட்டுப்பட்ட முகங்களில் மட்டும் உள்ளே இருக்கும் வெண்மையான மாவுப் பகுதி வெளிப்பட்டிருக்கும். ஏனைய பக்கங்களைத் தவிடு மூடிக்கொண்டிருக்கும். தண்ணீர் அம்முகங்களின் வழியாகவே மெல்ல உட்புக வேண்டும். இந்நொய் வேகுவதற்கு அரை மணி நேரம் பிடிப்பதன் காரணம் இதுவே.

ஓட்ஸ் அவலுக்கு மற்றொரு வேலை அதிகம். முழு அரிசிக்கு மறுபடி சுமார் 20 நிமிஷம் ஆவி காட்டி, அது மெத்தென்று நெகிழ்ந்தவுடன், இரண்டு கனமான உருளைகளுக்கிடையே விட்டு நசுக்குகின்றனர். நம்மூரில் நெல்லை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, சட்டியில் வறுத்து, சூடு ஆறுமுன் உரலிலிட்டு இடித்து அவலாக்குவதும் இதே தத்துவம்தான். நெகிழாத மணியை நசுக்கினால் பொடியாகும். நெகிழ்ந்த மணியோ தட்டையாகும். தட்டையான இதழின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டிருக்கும். தண்ணீர் இருபுறமும் கால் மில்லிமீட்டர் தூரம் சென்றால் நடுவை அடைந்துவிடும். மேலும் நசுங்கும்போது மாவின் அறைகள் பலவும் உடைபட்டு, ஆவியில் மாவு ஓரளவு முன்னமே வெந்தும் இருப்பதால், 5 முதல் 7 நிமிஷத்தில் கஞ்சி பதத்துக்கு வந்துவிடுகிறது. உருளையில் நசுக்கும் இம்முறை 1870-களில் அமெரிக்காவில் பரவியது. அதற்கு முன் ஸ்காட்லாந்து, அயர்லாந்து தேசத்தவர் உண்டதெல்லாம் நொய்யும் மாவுமே.

உடனடி ஓட்ஸ் என்பது இதன் அடுத்த படி. முழு அரிசியை நசுக்காமல், முதலில் நொய்யாக வெட்டி, அந்நொய்க்கு ஆவி காட்டி, உருளைகளை இன்னும் நெருக்கி வைத்து நசுக்குவர். துண்டு சிறியது, இதழும் மெல்லியது. கனம் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆவியும் அதிகம் காட்டப்படுவதால் மாவு பெரும்பாலும் முன்னமே வெந்துவிடுகிறது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கிளறி ஒரு நிமிஷம் மூடிவைத்தாற் போதும். இவ்விரண்டுக்கும் இடையே, வெட்டிய நொய்யைச் சற்றுக் கனமாக நசுக்கிய ஒரு வகை உண்டு. அது 3 நிமிஷத்தில் வேகும். குவேக்கர் கம்பெனியார் அமெரிக்காவில் இவ்விடை வகையை 1922-லும், உடனடி வகையை 1966-லும் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நமது கடைகளில் வெறும் ஓட்ஸ் என்று மாத்திரம் எழுதி விற்கும் பைகளில் பல, உறையில் 3 நிமிஷம் என்றிருப்பதைப் பார்த்தால் தெரியும், இந்த இடை வகையைச் சேர்ந்தவையே. அவற்றை அசல் ஓட்ஸ் அவல் என்று எண்ணி 7 நிமிஷம் வேகவைப்பவர்களே பசையாயிற்று என்று முறையிடுபவர்கள்.

ஆக, மூன்றும் ஒரே அரிசி. தவிடு, முளை, நார், புரதம் யாவும் மூன்றிலும் ஏறக்குறைய சமம். வித்தியாசம் துண்டின் கனத்திலும் மில்லில் முன்கூட்டி வெந்த அளவிலுமே உள்ளது. அப்படியானால் நோயாளிக்கு எதுவானாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். கொழுப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றே. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார் 100 கிராமுக்குச் சுமார் 4 கிராம் உண்டு. கஞ்சியை வழுவழுப்பாக்குவது இதுவே. நாளொன்றுக்கு 3 கிராம் இந்நார் உட்கொண்டால் இரத்தக் கொழுப்பு ஓரளவு குறையும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். 40 கிராம் ஓட்ஸில் இது ஒன்றரைக் கிராமுக்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும். எந்த வகையானாலும் இக்கணக்கு பெரிதும் மாறுவதில்லை.

சர்க்கரையைப் பொறுத்தவரையிலோ அவ்வாறன்று. அடுப்பில் தண்ணீர் எவ்வளவு எளிதாக உட்புகுகிறதோ, அவ்வளவு எளிதாகக் குடலில் சீரண நீரும் உட்புகும். குளுக்கோஸ் உண்டபின் சர்க்கரை ஏறும் வேகத்தை 100 என்று வைத்துக்கொண்டால், ஓட்ஸ் நொய்க்கும் கனத்த ஓட்ஸ் அவலுக்கும் அவ்வேகம் 55-ஐ ஒட்டியும், உடனடி ஓட்ஸுக்கு 75-ஐ ஒட்டியும் இருக்கக் காணப்பட்டுள்ளது. 3 நிமிஷ வகையும் உடனடி வகைக்கு அருகிலேயே நிற்கிறது. கவனிக்கத்தக்கது யாதெனில், நொய்க்கும் கனத்த அவலுக்கும் இதில் பெரும் பேதமில்லை. ஆகவே அரை மணி நேரம் அடுப்பருகே நிற்க இயலாத வீட்டார் கனத்த அவலை வாங்கினால் குறைவொன்றுமில்லை. நொய்தான் வேண்டுமென்று இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மெல்லிய வகைக்கு இறங்கினால் லாபத்தின் ஒரு பகுதி கைவிட்டுப் போகிறது.

இதனை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. அதில் அறுபத்தைந்து வயதான மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அரிசிக் கஞ்சியை விட்டு ஓட்ஸ் கஞ்சி குடிக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். மருமகள் கடையில் முதலில் கண்ட மசாலா உடனடி ஓட்ஸ் பையை வாங்கி, வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிறாள். பெரியவர், "இது பழைய சோற்றுக்குக்கூட ஆகாது, கூழ் மாதிரி இருக்கிறது, பதினொரு மணிக்கே பசிக்கிறது" என்கிறார். உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவும் எதிர்பார்த்தபடி இறங்கக் காணோம். இங்கே குற்றம் ஓட்ஸின் மேல் அன்று. பையின் பின்புறத்தைப் படித்தால் ஓட்ஸோடு உப்பு, சில பைகளில் சர்க்கரை, மால்டோ டெக்ஸ்ட்ரின் முதலியவையும் சேர்ந்திருப்பது தெரியும். பெரியவருக்கு இரத்த அழுத்தமும் இருக்குமாயின் அவ்வுப்பு வேறு ஒரு தொல்லை.

மருமகள் செய்யத்தக்கது இது. ஓட்ஸ் நொய்யானால் ஒருவருக்கு 40 கிராம், அதாவது நான்கு மேஜைக் கரண்டிக்குக் கிட்டத்தட்ட, முதல் நாள் இரவே 160 மில்லி தண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் அந்தத் தண்ணீரோடேயே அடிகனமான பாத்திரத்தில் இன்னும் 40 மில்லி சேர்த்துக் கொதிக்கவிட்டு, பின் தணலைக் குறைத்து 10 முதல் 12 நிமிஷம் வைத்தால் போதும். ஊறவைக்கவில்லையானால் 25 முதல் 30 நிமிஷமாகும்; தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பிரஷர் குக்கரில் வைப்பதானால் ஓட்ஸை நேரே குக்கரில் கொட்டலாகாது. பீட்டா குளுக்கானின் வழுவழுப்பால் நுரை பொங்கி வெயிட் துளையை அடைத்துவிடும், அது அபாயம். உயரமான உள் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பாமல் வைத்து, இரண்டு மூன்று விசில் வந்தபின் அணைத்து, ஆவி தானே அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

கனத்த ஓட்ஸ் அவலானால் 40 கிராமுக்குச் சுமார் 240 மில்லி தண்ணீரும் 5 முதல் 7 நிமிஷமும் போதும். இங்கே ஒரு சிறு நுட்பம் உண்டு. அவலைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே போட்டுச் சூடேற்றினால் மாவு மெல்லக் கரைந்து கஞ்சி பால்போல் குழைவாக வரும். கொதிக்கும் தண்ணீரில் தூவினாலோ இதழ்கள் வெளிப்புறம் சட்டென்று வெந்து உருக்குலையாமல் தனித்தனியே நிற்கும். குழைவு வேண்டுபவர் முதல் முறையையும், வாயில் பருக்கை தட்டுப்பட வேண்டுபவர் இரண்டாம் முறையையும் கொள்க. எவ்வாறாயினும் ஓயாமல் கிளறுதல் கூடாது. கிளறக் கிளறப் பீட்டா குளுக்கான் வெளியேறிக் கஞ்சி கோந்துபோலாகும். அடி பிடிக்காமல் இரண்டொரு முறை திருப்பிவிட்டாற் போதுமானது. ஓட்ஸ் கஞ்சி ஆற ஆற இறுகும் குணமுடையது. ஆதலால் அடுப்பிலிருந்து இறக்கும்போது வேண்டிய அளவைவிடச் சற்று நீர்த்தே இருக்கவேண்டும். மோர் கலந்து குடிப்பவர்கள் ஆறிய பின்னரே மோர் விடுக. சூட்டில் விட்டால் திரிந்துவிடும்.

இவ்வீட்டுப் பெரியவர் கூழ் என்று வெறுத்தாரே, அவருக்கு ஏற்றது நொய்தான். நன்றாக வெந்த பின்னும் ஒவ்வொரு துண்டின் நடுவும் சற்று உறுதியாக நின்று, பல்லுக்கு அகப்படும். சம்பா கோதுமை ரவையின் பதத்தை ஒத்திருக்கும். பாசிப்பருப்பு ஒரு பங்கு, நொய் இரண்டு பங்கு சேர்த்து, மிளகு, சீரகம், இஞ்சி தாளித்து வெண்பொங்கலாகச் செய்தால் அரிசிப் பொங்கலுக்குப் பழகிய நாவும் மறுக்காது. கனத்த அவல் உப்புமாவுக்கு உகந்தது. வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக்கொண்டு, ஒரு பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் விடாமல் செய்ய வேண்டும். கஞ்சிக்கு விடும் கணக்கில் விட்டால் உப்புமா களியாகும். உடனடி வகையில் உப்புமா செய்ய முயல்வது வீண். அது தண்ணீர் பட்டவுடன் கரைவது. தோசை மாவில் கலக்கவும், ரசம் அல்லது சூப்பைக் கெட்டியாக்கவும், பல்லில்லாத வயோதிகர்க்கும் நோயினின்று எழுந்தவர்க்கும் கஞ்சி காய்ச்சவும் உதவும். ஏகாதசியன்று அரிசி விலக்கும் வீடுகளில் இதைப் பலகாரமாகக் கொள்ளலாமா என்ற கேள்வி ஸ்ரீரங்கத்தில் எழுவதுண்டு. அது அந்தந்த வீட்டுப் பெரியோர் தீர்மானிக்க வேண்டியது. விவசாய இலாகாவின் வேலையன்று.

இனி, கடையில் வகையறியும் விதம். உறையின் முன்புறத்துப் பெயரைவிட, பின்புறத்தில் அச்சிட்ட சமையல் நேரமே நம்பத்தக்கது. 20 நிமிஷத்துக்கு மேல் என்றால் நொய்; 5 நிமிஷத்துக்கு மேல் என்றால் கனத்த அவல்; 3 நிமிஷமும் அதற்குக் குறைவும் மெல்லிய வகை. சில்லறையில் வாங்குவோர் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கட்டும். கனத்த அவல் ஒவ்வொன்றும் முழு மணி நசுங்கியது. ஆதலின் நீள் வட்டமாய், நடுவில் மணியின் கோடு தெரிய, ஏறக்குறைய ஒரே அளவாயிருக்கும். மெல்லிய வகை துண்டு துண்டாய், ஓரம் சிதைந்து, விரலால் தேய்த்தால் பொடியும். ஒரு கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஆட்டினால் உடனடி வகையில் தண்ணீர் விரைவில் வெளுத்துவிடும். கனத்த அவலில் தண்ணீர் நெடுநேரம் தெளிந்தே நிற்கும். வீட்டில் வாங்கி வைத்திருப்பது இன்ன வகை என்று தெரியாதவர்களுக்கும் இச்சோதனை உதவும். இரண்டு வகையை ஒரே டப்பாவில் கலந்து வைத்தல் கூடாது. ஒன்று வேகுமுன் மற்றொன்று கரைந்துவிடும்.

இவ்விடையே நமது குடியானவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். பச்சைமலையில் விளையும் சாமையையும், மற்றும் தினை, வரகு முதலியவற்றையும் இப்பொழுது அவலாக நசுக்கி விற்கின்றனர். அவற்றுக்கும் இவ்விதி பொருந்தும்: நொய்யும் கனத்த அவலும் மெல்லச் சீரணிக்கும், மெல்லிய அவல் விரைவாகச் சீரணிக்கும். சிறுதானிய அவலை மிகவும் மெல்லியதாக நசுக்கி, நீரிழிவுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்வதில் பொருளில்லை. ஆயினும் ஓட்ஸிலுள்ள அளவுக்குப் பீட்டா குளுக்கான் அவற்றில் இல்லையாதலால், கஞ்சியின் வழுவழுப்பையும், அதனால் வரும் கொழுப்புக் குறைவையும் அவற்றிடம் எதிர்பார்க்கலாகாது.

சேமித்து வைப்பதில் திருச்சிராப்பள்ளி வெயிலைக் கணக்கில் கொள்ளவேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் சமையலறை அலமாரியே அடுப்புப்போல் காய்கிறது. மில்லில் நொதி செயலிழந்தாலும் காற்றும் சூடும் கொழுப்பைக் கெடுப்பதை அது தடுக்காது. இதழ் மெல்லியதாயிருக்குமளவும் காற்றுப் படும் பரப்பு அதிகம். ஆகவே திறந்த பையில் மெல்லிய வகையும் அவலும் முதலில் காறும், நொய் கடைசியில் காறும். முகர்ந்து பார்த்தால் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடையும், வாயிலிட்டால் நாக்கின் அடியில் கசப்பும் தோன்றினால் அதை எறிந்துவிடுவதே சரி. வறுத்தாலும் அக்கசப்பு நீங்காது. சிறு பையாக வாங்கி, ஈரமற்ற இறுக்கமான தகர டப்பாவிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ இட்டு, இரண்டு மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும். கோடையில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சிலாக்கியம். செவ்வண்டு விழுந்தால் மாவு சிவந்து ஒருவித நெடி வீசும். அந்த டப்பாவைக் கழுவி வெயிலில் காய வைத்த பின்னரே புதுச் சரக்கை நிரப்புக.

தீவன ஓட்ஸ் விதை மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி வீட்டு மிஷினில் அரைத்துக் கஞ்சி காய்ச்சுவதைப்பற்றிச் சிலர் கேட்பதுண்டு. அவ்விதம் செய்யலாகாது. முதலாவது, விதைக்காக விற்கும் மணியில் பூசண மருந்து தடவியிருக்கலாம். அது உணவுக்கு உதவாத விஷம். இரண்டாவது, மருந்து தடவாததாயினும் அதன் உமி சாதாரண அரிசி மிஷினில் சரியாகப் பிரியாது. மூன்றாவது, ஆவி காட்டி உலர்த்தாத மணியாதலால், அரைத்த மாவு சில நாட்களில் சோப்பைப் போன்ற ருசி கண்டு கசந்துவிடும். மாட்டுக்கு விதைத்துப் பசுந்தீவனமாக அறுத்துப் போட நினைப்பவர் சமவெளியில் வேறு பயிரைத் தேடுவதே லாபம்; கோ வகைக் கம்பு நேப்பியர் புல்லும் தீவனச் சோளமும் இந்தச் சூட்டுக்குப் பழகியவை.